ஒரு பை ரத்தம் இருந்தும் குழந்தைக்கு 45 மில்லி மட்டும் ஏற்றியது ஏன்?

கேள்வி: "எங்க அக்கா பொண்ணுக்கு ஒன்றே முக்கால் வயசுங்க, எடை 9 கிலோ. ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல இருக்காங்க. வெளுத்துப் போயிருக்கான்னு காட்டினதுல ஹீமோகுளோபின் 3.8ன்னு சொல்லி சேலத்துக்கு அனுப்பிட்டாங்க. ஒரு பை ரத்தம் வந்துச்சு. அதுல 45 மில்லிதான் ஏத்தினாங்க, அதுக்கே நாலு மணி நேரம். மீதிய ஏன் ஏத்தலைன்னு கேட்டா ஹார்ட் தாங்காதுங்கறாங்க. குழந்தைக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்லையே? நாளைக்கு மறுபடி ஏத்தணுமாம். பக்கத்துல இருக்கறவங்க எதைப் பாத்துக்கணும்?"

இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத குழந்தைக்கும் அந்தப் பதில் பொருந்தும். டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் அவசரத்தில் பாதி மட்டும் சொல்லியிருக்கிறார். நான் சேலத்தில் குழந்தை மருத்துவம் பார்ப்பவன். மலையிலிருந்து இதே மாதிரி வெளுத்துப்போய் இறங்கி வரும் குழந்தைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். உங்கள் குழந்தையை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் அவளுக்கு இன்னும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஏன் 45, ஏன் நாலு மணி நேரம், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இந்த 3.8 ஒரு வாரத்தில் வந்ததாக இருக்காது. விபத்தில் ரத்தம் கொட்டி 3.8க்கு இறங்கிய குழந்தை மயங்கிக் கிடக்கும். உங்கள் குழந்தை அநேகமாக நேற்றுவரை வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருந்திருப்பாள். கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் சிடுசிடுப்பு, மண்ணை எடுத்துத் தின்பது என்று மாதக்கணக்கில் போயிருக்கும். இந்த வயதில் இப்படி வருவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், சோறு பருப்பு எதுவும் பெரிதாகச் சாப்பிடாமல் நாள் முழுக்க மாட்டுப்பால் குடிப்பதுதான். பாலில் இரும்புச்சத்து சொற்பம், அது பசியையும் அடைத்துவிடும். தோட்டத்தில் வெறுங்காலோடு திரியும் வயது வந்துவிட்டால் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்ளும்.

மெதுவாக வரும் ரத்தசோகையில் உடம்பு ஒரு வேலை செய்கிறது. சிவப்பணுக்கள் குறையக் குறைய, அந்த இடத்தை நீரால் நிரப்பிக்கொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிளாஸ்மா கூடும். அதனால் குழந்தையின் ரத்தக் குழாய்கள் காலியாக இல்லை. கிட்டத்தட்ட முழுசாகவே, சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவே நிரம்பியிருக்கின்றன. உள்ளே ஓடுவது நீர்த்த ரத்தம், அவ்வளவுதான். அந்த நீர்த்த ரத்தத்தை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்க ஆக்சிஜன் கொண்டுபோக வேண்டுமென்றால் இதயம் நிமிடத்துக்கு அதிகமாகப் பம்ப் செய்தாக வேண்டும். மாதக்கணக்கில் அப்படி ஓடி ஓடி அது கொஞ்சம் வீங்கியும் இருக்கும். இந்த நிலையில் திடீரென்று கூடுதல் அளவை உள்ளே தள்ளினால், முன்னே அனுப்ப முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல், கல்லீரலில் தேங்கினால் வயிறு புடைப்பு. "ஹார்ட் தாங்காது" என்றால் அர்த்தம் இதுதான். பிறவிக் கோளாறு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 மில்லி ரத்தம் இருக்கும். 9 கிலோவுக்கு 720 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்குகூட இல்லை. வந்த பையில் செல் மட்டும் பிரித்த ரத்தம், அதாவது பேக்டு செல், 250 மில்லி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் (கொடையாளியிடம் எடுத்தது 350 மில்லியா 450 மில்லியா என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும்). முழுப் பையையும் ஏற்றினால் அவள் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதிதாக உள்ளே போகிறது. 60 கிலோ எடையுள்ள உங்களுக்கு அதே கணக்கில் ஏற்றுவதென்றால் ஒரே மூச்சில் ஐந்தாறு பை. பெரியவர்களுக்கு "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது உறைப்பதில்லை. குழந்தைகளுக்குப் பை கணக்கே கிடையாது. கிலோவுக்கு எத்தனை மில்லி என்பது மட்டும்தான் கணக்கு.

சாதாரணமாக, ரத்தசோகை மிகக் கடுமையாக இல்லாத, இதயம் திணறாத குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி பேக்டு செல் ஏற்றுவோம். அது ஹீமோகுளோபினை இரண்டு முதல் மூன்று கிராம்வரை உயர்த்தும். எவ்வளவு உயர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: எடையை, உயர வேண்டிய கிராமால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்க வேண்டும். பையில் செல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைப் பொறுத்து 4க்குப் பதில் 3 அல்லது 5 என்றும் சிலர் வைப்பார்கள். உங்கள் குழந்தையை 3.8லிருந்து 8க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் 4.2 கிராம் உயர வேண்டும். 9 × 4.2 × 4, சுமார் 150 மில்லி. கிலோவுக்குப் பார்த்தால் 17 மில்லி ஆகிறது. அதை ஒரே தடவையில் ஏற்றத்தான் தயங்குகிறோம்.

ஹீமோகுளோபின் 5க்குக் கீழே, அதுவும் மெதுவாக வந்தது என்றால், கிலோவுக்கு 5 மில்லியில் தொடங்குவது நெடுநாள் வழக்கம். இன்னொரு பழைய கைக்கணக்கும் வார்டுகளில் புழங்குகிறது: ஹீமோகுளோபின் எத்தனையோ, கிலோவுக்கு அத்தனை மில்லி. 4 இருந்தால் 4 மில்லி, 3 இருந்தால் 3 மில்லி. குறைவாக இருக்கும் குழந்தைக்குக் குறைவாகவா கொடுப்பது என்று படிக்க வரும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். அதுதான் சரி. ரத்தம் எவ்வளவுக்கு நீர்த்திருக்கிறதோ அவ்வளவுக்கு இதயம் களைத்திருக்கிறது, குழாயும் நிரம்பியிருக்கிறது. உங்கள் குழந்தைக்குப் போட்டது 9 × 5 = 45. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் 45ஐ 36ஆல் வகுக்க, 1.25 கிராம் உயரும். 3.8 என்பது 5 ஆகும். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் ஆக்சிஜன் சுமக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது, இதயத்தின் பாரம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. நாளைக்கு இன்னொரு 45 போனால் 6.3ஐத் தொடும். இது தோராயக் கணக்கு. உண்மையில் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

வேகத்துக்கு வந்தால், இதயம் நன்றாக இருக்கும் குழந்தைக்கு மணிக்குக் கிலோவுக்கு 5 மில்லிவரை போகலாம். 9 கிலோவுக்கு அது மணிக்கு 45 மில்லி. உங்கள் குழந்தைக்கு அதே 45 மில்லியை நாலு மணி நேரத்துக்கு நீட்டியிருக்கிறார்கள், அதாவது மணிக்கு 11 மில்லி சொச்சம். கிலோவுக்கு ஒன்றரைக்கும் குறைவு. கடுமையான, பழகிப்போன ரத்தசோகைக்கு ஒன்று முதல் இரண்டுவரை என்பது பெரும்பாலோர் கடைப்பிடிப்பது. நாலு மணி நேரத்தைத் தாண்டி இன்னும் மெதுவாகப் போக முடியாது. 2 முதல் 6 டிகிரி குளிரில் இருந்த ரத்தம் வெளியே வந்தபின் கிருமி வளர இடம் கொடுக்கும். அதனால் பிரிட்ஜை விட்டு எடுத்த நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். முடியாமல் மிச்சம் இருப்பதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

இந்த 11 மில்லியைக் கையால் சொட்டு எண்ணி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால்தான் தெரியும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் ரத்தக் குழாய் செட்டில் (எத்தனை சொட்டு என்று உறையில் அச்சிட்டிருக்கும்) இது நிமிடத்துக்கு நாலு சொட்டுக்கும் கொஞ்சம் குறைவு. பதினைந்து பதினாறு வினாடிக்கு ஒரு சொட்டு. ஸ்டாஃப் நர்ஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கிளாம்பை மயிரிழை திருகி நாலு சொட்டில் நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். குழந்தை முழங்கையை மடக்கும், ஓட்டம் நின்றுவிடும். அம்மா தூக்கித் தோளில் போடுவார், கை நீளும், பத்துச் சொட்டாக ஓடும். அதனால்தான் தேவையான 45 மில்லியை மட்டும் வடிகட்டி வழியாக ஊசிக்குழாயில் இழுத்து சிரிஞ்ச் பம்ப்பில் வைப்பது நல்லது. பம்ப் இல்லாத இடத்தில், அளவுக்கோடு போட்ட சின்னக் குடுவை உள்ள செட்டில் ஒரு மணிக்கு உரிய 11 மில்லியை மட்டும் இறக்கி வைப்பார்கள். அப்போது கிளாம்ப் முழுக்கத் திறந்துகொண்டாலும் அந்த 11க்கு மேல் உள்ளே போக வழியில்லை. உங்கள் கட்டிலில் இரண்டும் இல்லை, பை நேராகக் குழந்தையின் கைக்கு ஓடுகிறது என்றால் சொட்டை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். சொட்டு வேகம் மாறினால் நர்ஸைக் கூப்பிடுங்கள். "மெதுவா போகுதே, சீக்கிரம் முடியட்டும்" என்று நீங்களே கிளாம்பைத் திறந்து விடாதீர்கள். இதைச் செய்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வீட்டில் விவரம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவராகத்தான் இருப்பார்.

பையைச் சூடுபடுத்துவதும் அப்படித்தான். குழந்தைக்குக் குளிரும் என்று அக்குளில் வைப்பது, வெயிலில் வைப்பது, வெந்நீரில் முக்குவது எதுவும் கூடாது. செல் உடைந்துவிடும். இவ்வளவு மெதுவாகப் போகும் ரத்தம் குழாயில் வரும்போதே அறைச் சூட்டுக்கு வந்துவிடும்.

அளவுக்கு மேல் போவது ரத்தத்தால் மட்டும் வருவதில்லை. பக்கத்திலேயே இன்னொரு கையில் சலைனோ குளுக்கோஸோ ஓடிக்கொண்டிருந்தால், 45 மில்லியைக் கஞ்சத்தனமாக ஏற்றி என்ன பயன்? ரத்தம் ஏறும் நேரத்தில் மற்ற டிரிப்ஸை நிறுத்துவோம், அல்லது வெகுவாகக் குறைப்போம். மலையிலிருந்து வரும் குழந்தைகளிடம் இது முக்கியம். வெளுத்து, நாடி வேகமாக ஓடி, கை கால் சில்லிட்ட குழந்தையைப் பார்த்தால் நீர் வறட்சி போலத் தோன்றும். ஏதோ ஒரு இடத்தில் சலைன் போட்டு அனுப்பிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் அது ஓடிக்கொண்டே இறங்கும். கீழே வந்து சேரும்போது கல்லீரல் நாலு விரல் இறங்கி, குழந்தை முனகிக்கொண்டிருக்கும். அப்படி வந்த குழந்தைக்கு முதலில் இதயத்தைக் கவனித்துவிட்டு, அப்புறம்தான் ரத்தத்தைத் தொட வேண்டியிருக்கும்.

சரி, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது. ரத்தம் தொடங்கும் முன்பே நான்கு விஷயங்களை எழுதி வைக்க வேண்டும்: நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல், கல்லீரல் எங்கே இருக்கிறது என்பது. கல்லீரலின் கீழ் விளிம்பை வலது விலா எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்த்து, வயிற்றில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவது என் வழக்கம். அடுத்த ஷிப்டில் வரும் டாக்டர் புதிதாக யூகிக்க வேண்டியதில்லை, கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்தால் போதும். முதல் 15 நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே இருந்து மிக மெதுவாக ஓட்டுவார். வேறு ஒவ்வாமைகள், ரத்த வகை மாறிப் போனதன் விளைவுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தலைகாட்டும். அப்புறம் மணிக்கு ஒரு தடவை எண்ண வேண்டும்.

உதாரணத்துக்கு, தொடங்கும்போது நாடி 156, மூச்சு 42 என்று எழுதியிருக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு மணியில் 152, இரண்டு மணியில் 146, முடியும்போது 138 என்று நாடி இறங்கிக்கொண்டே வர வேண்டும். மூச்சும் 40, 38 என்று அடங்க வேண்டும். ஆக்சிஜன் சுமக்க ஆள் கூடக் கூட இதயம் ஓட்டத்தைக் குறைக்கிறது என்று பொருள். அதனால் ரத்தம் ஏறும் குழந்தைக்கு நாடி அப்படியே நிற்பதுகூட என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஏறினால் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடு ஒரு எல்லை தருகிறது: நாடி நிமிடத்துக்கு 25 கூடினால், அல்லது மூச்சு நிமிடத்துக்கு 5 கூடினால், ரத்தத்தை இன்னும் மெதுவாக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது நாடி 181, மூச்சு 47. இரண்டும் சேர்ந்து ஏறினால் நான் மெதுவாக்கிவிட்டுப் போக மாட்டேன், நிறுத்திவிட்டுப் பரிசோதிப்பேன்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அழும் குழந்தைக்கு நாடி 190 இருக்கும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினாலே நாடி பத்துப் பக்கம் ஏறும். தூங்கும்போது, அல்லது பால் குடித்துவிட்டு அமைதியாகக் கிடக்கும்போது, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சை எண்ணுவதை நீங்களே செய்யலாம். சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை மொபைலில் ஒரு நிமிடம் வைத்து எண்ணி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். "மூச்சு வாங்குதுங்க டாக்டர்" என்பதைவிட "பத்து மணிக்கு 42 இருந்துச்சு, இப்ப 54" என்பதற்கு எந்த டாக்டரும் எழுந்து வருவார்.

எண்ணுக்கு முன்பே குழந்தையின் நடத்தையில் தெரிவதும் உண்டு. படுக்க வைத்தால் அழும், தோளில் நிமிர்த்தி வைத்தால் அடங்கும். இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள், நுரையீரலில் நீர் கோக்கும் குழந்தைக்குப் படுத்தால் மூச்சு முட்டும். புதிதாக ஒரு வறட்டு இருமல் தொடங்கும். மூக்குத் துவாரம் விரியும், விலாவுக்குக் கீழே உள்ளே இழுக்கும், மூச்சு விடும்போது முனகல் கேட்கும். கண்ணைச் சுற்றி லேசாக வீங்கும். கல்லீரல் பேனாக் கோட்டைத் தாண்டி இறங்கும். கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். இந்த வயதில் கால் வீக்கம் வரவே தாமதமாகும், சில சமயம் வராது. கழுத்து நரம்பு புடைப்பதும் குட்டைக் கழுத்தில் தெரியாது. ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு பக்கமும் ஈரச் சத்தம் கேட்பது, உதடு நீலமாவது, நுரை வருவது எல்லாம் கடைசிக் கட்டம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 3.8லும் 98 காட்டும், 13லும் 98 காட்டும். ஆனால் 98 இருந்தது ரத்தம் ஏறும்போது 92 ஆனால் அதை நம்புங்கள், நுரையீரலில் ஏதோ நடக்கிறது.

இந்த அறிகுறிகள் வந்தால் ரத்தத்தை நிறுத்தி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் ஃபுரோசமைடு (வார்டில் லேசிக்ஸ் என்பார்கள்) நரம்பில் போடுவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் சிறுநீர் நன்றாகப் போய் மூச்சு இறங்க வேண்டும். குழந்தை திணறுகிறாள், கூப்பிட்டும் அந்த நிமிடம் யாரும் வரவில்லை என்றால், கிளாம்பை மூடிவிட்டு அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கத்திக் கூப்பிடுங்கள். ஊசி அடைத்துப்போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். மூச்சுத்திணறலோடு காய்ச்சல், நடுக்கம், உடம்பில் தடிப்பு, சிறுநீர் சிவப்பாகப் போவது, ரத்த அழுத்தம் விழுவது இவற்றில் ஏதாவது இருந்தால் அது நீர்ச்சுமையாக இல்லாமல் வேறு எதிர்வினையாக இருக்கலாம். அப்போதும் முதல் வேலை நிறுத்துவதுதான், அடுத்த சிகிச்சைதான் மாறும். பை காலியானதும் ஆபத்து முடிந்ததாக எண்ணி எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நீர்ச்சுமை ரத்தம் முடிந்த 12 மணி நேரம்வரை வரலாம். சாயங்காலம் ஏற்றி முடித்தால் அன்று ராத்திரி முழுக்க ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடைக்குத் தக்க அளவு, நாலு மணி நேர வரம்பு, மேலே சொன்ன அறிகுறிகள், இவற்றில் சந்தேகமில்லை. கிலோவுக்கு 5 மில்லியா 10 மில்லியா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனமே, ஹீமோகுளோபின் 4க்குக் கீழே போன குழந்தைக்குப் பொதுவாகப் பேக்டு செல் கிலோவுக்கு 10 மில்லியை மூன்று நாலு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறது. கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு இதயத் திணறலும் இருந்தால் 5 முதல் 7 மில்லி என்று குறைக்கிறது. உகாண்டாவிலும் மலாவியிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் பேக்டு செல் கணக்கில் கிலோவுக்கு 10 மில்லி, 15 மில்லி என்று இரண்டு அளவுகளை ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இறப்பில் வித்தியாசம் இல்லை. பிரித்துப் பார்த்தபோது காய்ச்சல் இல்லாத குழந்தைகளுக்குக் கூடுதல் அளவும், காய்ச்சல் இருந்த குழந்தைகளுக்குக் குறைந்த அளவும் நல்லதாக இருந்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் மலேரியாவால் சில நாளில் ரத்தம் இறங்கிய குழந்தைகள். மாதக்கணக்கில் பாலை மட்டும் குடித்து 3.8க்கு வந்த குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம். அதே நேரம், உங்கள் டாக்டர் 90 மில்லியை ஒரே தடவையில் ஏற்றியிருந்தாலும் தவறு என்று சொல்ல மாட்டேன், பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்திருந்தால். ஃபுரோசமைடை எல்லாக் குழந்தைக்கும் முன்கூட்டியே போட வேண்டுமா என்பதும் அப்படித்தான். மூச்சு இழுப்பு, கல்லீரல் வீக்கம் இருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் கையில் தயாராக வைத்திருப்பேன். இன்னொன்று, இந்த மெதுவான வழி முழுக்க மெதுவாக வந்த ரத்தசோகைக்குத்தான். ரத்தம் கொட்டி அதிர்ச்சியில் இருக்கும் குழந்தைக்கு நாலு மணி நேரம் காத்திருந்தால் குழந்தை இருக்காது. அங்கே குழாய் உண்மையாகவே காலி, வேகமாக நிரப்ப வேண்டும்.

ஏற்றாத மீதி ரத்தம் என்ன ஆகும் என்றும் நீங்கள் யோசிக்கலாம். வார்டில் பையில் ஊசி குத்தித் திறந்திருந்தால் அது வீண்தான், திருப்பி வைக்க முடியாது. ரத்த மையத்திலேயே, ஒரே கொடையாளியின் ரத்தத்தைக் காற்றுப் படாமல் இணைந்த சின்னப் பைகளில் பிரித்து, ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால் மற்றவை அங்கே பிரிட்ஜில் பத்திரமாக இருக்கும். நாளைக்கும் அதே கொடையாளியின் ரத்தம் கிடைக்கும், குழந்தைக்கு இரண்டாவது ஆளின் ரத்தம் போக வேண்டியதில்லை. அடுத்த தடவைக்குக் குழந்தைப் பை கிடைக்குமா என்று டாக்டரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

நாளைய ரத்தத்துக்கு முன் இன்னொன்றும் கேளுங்கள்: காரணம் கண்டுபிடிக்க முதல் ரத்தம் ஏற்றும் முன்பே மாதிரி எடுத்து வைத்தார்களா என்று. செல்லின் வடிவம் பார்க்கும் ஸ்மியர், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையைப் பார்க்கும் ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனை எல்லாம் ஏற்றிய ரத்தம் கலந்தால் குழம்பிவிடும். எடுக்க மறந்திருந்தால் தலசீமியா சோதனைக்கு மூன்று மாதம்போலக் காத்திருக்க வேண்டும், அல்லது இப்போதே அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு 6 அல்லது 7 வந்து, குழந்தை சாப்பிட்டுக்கொண்டு, மூச்சு சீராக இருந்தால், மூன்றாவது பை வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். 11 வரும்வரை ஏற்றுவது எங்கள் நோக்கமே இல்லை. மீதி வேலையை இரும்புச்சத்து மருந்து செய்யும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் இரும்பு, அவளுக்கு 27 மில்லிகிராம். எந்த மருந்தில் ஒரு மில்லிக்கு எவ்வளவு இரும்பு என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அதனால் எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். மலம் கறுத்துப் போகும், அது மருந்தால்தான். நாலு வாரத்தில் ஒரு கிராமாவது தானாக ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மருந்து சரியாகப் போகவில்லை, அல்லது எங்கோ ரத்தம் கசிகிறது, அல்லது காரணம் இரும்புக் குறைவே இல்லை. ஏறினால் ஹீமோகுளோபின் சரியான பிறகும் இன்னும் இரண்டு மூன்று மாதம் மருந்தை நிறுத்தாதீர்கள், அந்த மாதங்களில்தான் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்பும்.